பெட்டி இல்லாமல் திரும்பி வந்த மிக்ஸி: எவ்வளவு பிடிப்பது?

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு மிக்ஸி எங்கள் கடைக்குத் திரும்பி வந்தது. கோயம்புத்தூரில் மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு விற்கிற சின்னக் கடை எங்களுடையது. ஐந்தாறு வருடமாக எங்கள் சொந்த இணையதளம் வழியாக வெளியூருக்கும் அனுப்புகிறோம். வந்த பார்சல் எங்கள் பெட்டியில் இல்லை. ஏதோ பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி நாலு சுற்று பிரவுன் டேப். உள்ளே மோட்டார் பகுதியைப் பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றி, பெரிய ஜாருக்கும் நடு ஜாருக்கும் இடையில் செய்தித்தாளைக் கசக்கிச் சொருகி, குலுக்கினால்கூட ஆடாதபடி கட்டியிருந்தார்கள். கட்டியவருக்குப் பொருள் மேல் அக்கறை இருந்திருக்கிறது. ஆனால் சட்னி ஜார் இல்லை, எங்கள் வண்ணப் பெட்டி இல்லை, தெர்மாகோல் அச்சும் இல்லை.

விற்ற விலை 4,490 ரூபாய். திருப்பி அனுப்பக் காரணம் ‘சத்தம் அதிகம், பிடிக்கவில்லை’. ஏழு நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பலாம் என்று நாங்களே போட்டிருக்கிறோம், அதனால் எடுத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. எவ்வளவு பணம் திருப்பித் தருவது என்பதுதான் கேள்வி. கடையில் நாலு பேர் நாலு கணக்கு சொன்னோம். பார்ட்னர் அண்ணன், அப்படியே திருப்பி அனுப்பிவிடு, ஒரு ரூபாயும் தர வேண்டாம் என்றார். கணக்கு பார்க்கிறவர் 20 சதவீதம் பிடிக்கலாம் என்றார். குடோன் பார்க்கிற தம்பி ஜார் விலையை மட்டும் கழித்தால் போதும் என்றான். நான், இதை இனி எவ்வளவுக்கு விற்க முடியும் என்று பார்த்து வித்தியாசத்தைப் பிடிக்கலாம் என்றேன். இந்த நாலு வழியையும்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன், ஏனென்றால் எந்தக் கடையானாலும் சுற்றிச் சுற்றி இந்த நாலில் ஒன்றுக்குத்தான் வந்து நிற்கிறது.

அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பொருள் ஏன் திரும்புகிறது? மோட்டார் ஓடவில்லை, உடைந்து வந்தது, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்றால் கணக்கே வேறு. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 2019 சட்டமும், பழுதான பொருளை பில்லில் போட்ட காலத்துக்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், எடுத்துக்கொண்டு பணம் தராமல் மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. நம் தப்பால் திரும்புகிற பொருளுக்குப் பெட்டி இல்லை, சுற்றிவந்த கவர் கிழிந்திருக்கிறது என்று பிடிப்பது என் பார்வையில் சரியே இல்லை. ஓடாத மிக்ஸியை எந்தப் பெட்டியில் போட்டாலும் புதிதாக விற்கப் போவதில்லையே, அப்புறம் பெட்டியால் நமக்கு என்ன நஷ்டம்? கூட வந்த ஜாரை வாடிக்கையாளர் வைத்துக்கொண்டார் என்றால் மட்டும் அந்த ஜாரின் விலையைக் கேட்கலாம், அது நம் பொருள்.

பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு. இந்தியாவில் மனம் மாறியதற்காகத் திருப்பும் பொதுவான உரிமை சட்டத்தில் இல்லை, கடை தன் கொள்கையில் கொடுத்தால்தான் உண்டு. கொடுத்துவிட்டால் அதில் போட்ட நிபந்தனைப்படிதான் நடக்க வேண்டும், போடாத நிபந்தனையை ரிட்டன் வந்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாது. ஆக, எங்கள் மிக்ஸி இந்த இரண்டாவது வகை.

இனி அண்ணன் சொன்ன வழி. முழுக்க மறுத்து, பொருளை அவருக்கே திருப்பி அனுப்புவது. கேட்க உறுதியாக இருக்கும், கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. அங்கிருந்து இங்கே வர கூரியருக்கு 180 ரூபாய் ஏற்கனவே போய்விட்டது. திருப்பி அனுப்ப இன்னொரு 160. அவர் வாங்க மறுத்தால் மறுபடியும் இங்கே வரும், அதற்கும் காசு. நடுவில் கார்டில் கட்டியவர் வங்கியிடம் தகராறு எழுப்பினால் பணம் முழுதும் நிறுத்தி வைக்கப்படும், ஒவ்வொரு காகிதமாக நாம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு ஜாரும் ஒரு பெட்டியும் இல்லை என்பதற்காக மீதி முக்கால்வாசிப் பொருள் நம் கையில் நன்றாக இருக்கும்போது 4,490-ஐயும் தர மாட்டேன் என்பது நஷ்டத்துக்கும் பிடித்தத்துக்கும் சம்பந்தமே இல்லாத நிலை.

மறுப்பது சரியான இடங்களும் இருக்கின்றன. அடியில் ஒட்டியிருக்கிற வரிசை எண் நம் பில்லில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை என்றால் வந்திருப்பது நம் பொருளே இல்லை, அங்கே பிடித்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காதுக்குள் வைக்கிற இயர்போன், டிரிம்மர் மாதிரி உடம்பில் படுகிற பொருளுக்கு சீல் உடைந்தால் எடுக்க மாட்டோம் என்று முன்னமே சொல்லியிருந்தால் மறுக்கலாம். மிக்ஸிக்கு இது எதுவும் பொருந்தாது.

இரண்டாவது வழி, சதவீதம். பெட்டி இல்லையா 20 சதவீதம், உதிரி இல்லையா 20 சதவீதம். இதைப் பலரும் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது: முன்கூட்டியே எழுதி வைக்கலாம், போனில் வாதாட வேண்டாம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கூட கால்குலேட்டரில் தட்டிச் சொல்லிவிடலாம். எங்கள் மிக்ஸிக்கு 898 ரூபாய் வருகிறது. ஆனால் இதே விதியை அப்படியே மற்ற பொருளுக்கு நீட்டிப் பாருங்கள். 600 ரூபாய் காய்கறி சாப்பருக்கு அதன் பிளேடே காணாமல் போனால் 120 ரூபாய்தான் பிடிக்க முடியும், பிளேடு இல்லாத சாப்பர் எதற்கும் உதவாது. 14,000 ரூபாய் டில்டிங் கிரைண்டரில் 200 ரூபாய்கூடப் பெறாத தேங்காய்த் துருவி காணாமல் போனால் 2,800 பிடிப்போம். ஒரு பக்கம் நமக்கு நஷ்டம், இன்னொரு பக்கம் வாடிக்கையாளர் வயிற்றில் அடிக்கிறோம். இரண்டுமே விலையைப் பார்த்துப் போட்ட கணக்கு, காணாமல் போனதைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை.

சட்டமும் இங்கே சதவீதத்துக்குப் பெரிதாகத் துணை நிற்காது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை எழுதியிருந்தாலும் அந்தத் தொகைக்கு மேல் போகாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. அதாவது எழுதிய தொகை உச்சவரம்பு, அப்படியே கையில் கிடைக்கிற தொகை இல்லை. 2019 நுகர்வோர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மீறலால் வந்த நஷ்டத்துக்கு ஒவ்வாத அளவு பெரிய அபராதம் போடும் நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கணக்கில் சேர்க்கிறது. அதனால் ‘20 சதவீதம்’ என்று எழுதுவதை விட ‘அதிகபட்சம் 20 சதவீதம் வரை’ என்று எழுதி, உள்ளே உண்மைக் கணக்கைப் போடுவதுதான் நிற்கும். அமேசானின் அமெரிக்கத் தளம்கூட உதிரி குறைந்து வந்தால் 50 சதவீதம் ‘வரை’ என்றுதான் போட்டிருக்கிறது. சதவீதத்தை நான் ஒரு வேலிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், கணக்குக்கு இல்லை.

மூன்றாவது, குடோன் தம்பி சொன்னது: காணாமல் போனதன் விலை. உதிரிப் பொருளுக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. சட்னி ஜார் காணவில்லை, சட்னி ஜார் வாங்கி வைத்துவிட்டால் செட் முழுதாகிவிடும், அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் எந்த விலை? அதே ஜார் கடையில் தனியாக விற்கும்போது 560 ரூபாய். எங்களுக்கு சர்வீஸ் சென்டரிலிருந்து வருகிற விலை 420. 560 பிடித்தால் காணாமல் போன ஜாரிலும் 140 ரூபாய் லாபம் பார்க்கிறோம் என்று அர்த்தம். ரிட்டன் வந்ததில் லாபம் பார்ப்பது சரியில்லை, 420 மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. இதற்கு எதிராக அண்ணன் சொன்ன ஒரு வாதமும் நியாயமானதுதான்: ஜார் வாங்க ஆள் போக வேண்டும், இரண்டு நாள் அந்த மிக்ஸி விற்காமல் கிடக்கும், அதற்கெல்லாம் என்ன? ஆள் எப்படியும் வாரம் ஒருமுறை சர்வீஸ் சென்டருக்குப் போகிறான், அதனால் அதை நான் சேர்க்கவில்லை. தனியாகப் போக வேண்டியிருந்தால் பஸ் செலவைச் சேர்ப்பது தப்பில்லை, அதைச் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

இந்த வழி தோற்கும் இடம் பெட்டி. காலிப் பெட்டியை யாரும் தனியாக விற்பதில்லை. கம்பெனியிடம் கேட்டால், பொருளோடுதான் பெட்டி என்பார்கள். அச்சடித்த அந்த அட்டைக்கு ஆலையில் சில பத்து ரூபாய்தான் ஆகியிருக்கும், ஆனால் அதைப் பார்த்து 60 ரூபாய் பிடித்தால் போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பெட்டி வெறும் அட்டை இல்லை. பொதியிட்ட பொருளின் மேல் அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயர் முகவரி, தயாரித்த மாதம் வருடம், புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011 சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. அதெல்லாம் அச்சாகியிருப்பது அந்தப் பெட்டியில். அது போய்விட்டால் மிக்ஸி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் புதுப்பொருள் என்று அலமாரியில் வைக்க முடியாது. அதோடு தெர்மாகோல் அச்சு இல்லாமல் அதை வெளியூருக்கு அனுப்பினால் ஜாரின் கைப்பிடி விரிசல் விட்டுத்தான் போய்ச் சேரும், இரண்டு தடவை பட்டுவிட்டேன். துணி டேக்குக்கும் இதே கதைதான், கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அங்கேதான் நாலாவது வழி வருகிறது: இப்போது என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து வித்தியாசத்தைப் பிடிப்பது. இதை நான்தான் சொன்னேன், நான் முதலில் போட்ட கணக்குதான் தப்பு. கடையில் பெட்டி இல்லாமல் பிரித்த மிக்ஸி வழக்கமாக 3,750-க்குப் போகிறது. 4,490-லிருந்து 3,750-ஐக் கழித்தால் 740. ஆக பெட்டிக்கு 740, ஜாருக்கு 420, மொத்தம் 1,160 என்று எழுதினேன். எழுதி வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. பெட்டி, தெர்மாகோல், ஜார் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்திருந்தால் நான் இதை 4,490-க்கு விற்றிருப்பேனா? மாட்டேன். பிரித்து ஒருமுறை அரைத்துப் பார்த்த மிக்ஸி, பெட்டியோடு இருந்தாலும் ஓப்பன் பாக்ஸ்தான், அது எங்களிடம் 4,050 வாக்கில் போகும். அந்த 440 ரூபாய் இறக்கம் ‘பிரித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பலாம்’ என்று நாங்களே கொடுத்த வாக்கின் செலவு. அதை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது. அவர் பெட்டியைத் தொலைத்ததால் வந்த நஷ்டம் 4,050-க்கும் 3,750-க்கும் நடுவில் உள்ள 300 மட்டும்தான்.

இந்த ஒரு கழித்தலை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும். புது விலையிலிருந்து கழிக்கக் கூடாது, பெட்டியோடு திரும்பி வந்திருந்தால் கிடைக்கிற விலையிலிருந்து கழிக்க வேண்டும். இந்த இரண்டு விலையும் வாயில் வருகிற எண்ணாக இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு நோட்டு போட்டிருக்கிறோம், ஓப்பன் பாக்ஸாக விற்ற ஒவ்வொரு மிக்ஸியையும் மாடல், பெட்டி உண்டா இல்லையா, போன விலை என்று மூன்று பத்தியில் எழுதுவோம். ஒரு மாடலுக்கு ஐந்து விற்பனை சேர்ந்தால் வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் இந்தக் கோட்டை சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள். அங்கே இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். 2011 நுகர்வோர் உரிமை ஆணையின் 14-வது விதிப்படி, பொருளின் தன்மையையும் வேலை செய்வதையும் தெரிந்துகொள்ளத் தேவையானதைத் தாண்டிக் கையாண்டதால் குறைந்த மதிப்புக்கு மட்டும்தான் வாங்கியவர் பொறுப்பு. அதற்கு முன்பே ஜெர்மனியில் ஒரு தண்ணீர்ப் படுக்கை வழக்கு இதே கேள்வியைத் தொட்டது. ஒருவர் 1,265 யூரோவுக்கு இணையத்தில் படுக்கை வாங்கி, கட்டி, தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பினார். தண்ணீர் நிரப்பிய படுக்கையை இனி யாருக்கும் விற்க முடியாது, சூடாக்கும் கருவி மட்டும்தான் தேறும் என்று கடைக்காரர் 258 யூரோ மட்டும் கொடுத்தார். 2010 நவம்பர் 3-ம் தேதி அந்நாட்டு உச்ச உரிமையியல் நீதிமன்றம் முழுப் பணத்தையும் கொடுக்கச் சொன்னது, நிரப்பாமல் அந்தப் படுக்கையைச் சோதிக்க வழியில்லை என்பதால். அதே நீதிமன்றம் 2016-ல் காரின் புகைக்குழாயில் பொருத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்துத் திருப்பியவருக்கு எதிராகச் சொன்னது, அது கடையில் பார்க்கக்கூடிய அளவைத் தாண்டிய பயன்பாடு என்று. நம் ஊருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் மிக்ஸியில் ஒருமுறை மாவு அரைத்துப் பார்ப்பது சோதனை, பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது சோதனையில் சேராது என்று பிரிக்க அந்த அளவுகோல் எனக்கு ரொம்ப உதவுகிறது.

இந்த வழியில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இன்னொரு இடம், ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை எண்ணுவது. ஜாரும் இல்லாமல் பெட்டியும் இல்லாமல் விற்றால் 3,300-தான் போகும் என்று அந்த விலையிலிருந்து வித்தியாசம் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஜாருக்கு 420 என்று தனியாகவும் பிடித்தால் ஜாருக்கு இரண்டு தடவை வாங்குகிறோம். ஒன்று ஜாரை வாங்கி வைத்துவிட்டு மீதிக்கு வித்தியாசம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் இல்லாத விலையை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டில் எது வாடிக்கையாளருக்குக் குறைவோ அதை எடுப்போம். இங்கே ஜார் வாங்கி வைப்பது: 420-ம் 300-ம் சேர்ந்து 720. வாங்காமல் விற்பது: 4,050-லிருந்து 3,300 போக 750. ஆக 720.

டேக்குக்கு வருகிறேன். என் மைத்துனி வீட்டில் ஈரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள், அவர்களும் நானும் இதைப் பற்றிப் பேசாத நாள் குறைவு. துணியில் டேக்கை இரண்டு வேலைக்கு வைக்கிறார்கள். ஒன்று விலை, சைஸ் எழுதிய அடையாளம். இன்னொன்று உடுத்தவில்லை என்பதற்குச் சாட்சி. முதல் வேலை மட்டும் என்றால் நஷ்டம் சொற்பம், சொந்தத் தயாரிப்பு குர்த்தி என்றால் புது டேக்கும் நூலும் இரண்டு மூன்று ரூபாய், மறுபடி மாட்டிவிடலாம், அதற்கு 150 ரூபாய் பிடிப்பது அநியாயம். வேறு பிராண்டு துணி என்றால் கடைக்காரர் டேக் செய்ய முடியாது, மிக்ஸிப் பெட்டி போலத்தான், டேக் உள்ள ரிட்டனுக்கும் இல்லாத ரிட்டனுக்கும் போகிற விலை வித்தியாசம் பார்க்க வேண்டும். உடுத்தினாரா என்பது தனிக் கேள்வி. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் பவுடர், அக்குளில் வெள்ளைக் கோடு, சென்ட் வாசம், மடிப்புக் கலைந்து போன ஃபால்ஸ், இவற்றைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். டேக் அறுந்தது மட்டுமே உடுத்தியதற்குச் சாட்சி ஆகாது, குழந்தை இழுத்திருக்கலாம். மைத்துனி இப்போது முன்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒரு பெரிய அட்டை டேக்கை, வெட்டினால்தான் எடுக்க முடிகிற பூட்டோடு மாட்டுகிறார், அதோடு வெளியே போக முடியாது, வீட்டுக்குள் போட்டுப் பார்க்கலாம். ‘இந்த அட்டை இருந்தால் முழுப் பணம்’ என்று அதன் மேலேயே தமிழில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு வாக்குவாதம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறார்.

சரி, மிக்ஸிக்குத் திரும்புவோம். 720 என்று கணக்கு வந்துவிட்டது, ஆனால் ஜார் உண்மையிலேயே அவர்களிடம்தான் இருக்கிறதா? வழியில் தொலைந்திருந்தால் அவர்களிடம் பிடிப்பது பாவம். இதற்கு எடை உதவும், பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. நாங்கள் அனுப்பியபோது கூரியர் சீட்டில் 5.1 கிலோ. திரும்பும்போது அவர்கள் ஊர் கூரியர் ஆபீசில் போட்ட எடை 4.25 கிலோ. எங்கள் பெட்டியும் தெர்மாகோலும் சேர்ந்து 800 கிராம், மூடியோடு சட்னி ஜார் 350 கிராம், பிஸ்கட் பெட்டி, துணி, செய்தித்தாள் எல்லாம் சேர்ந்து 300 கிராம். 5.1-ல் 800-ம் 350-ம் போய், 300 கூடினால் 4.25. கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜார் பார்சலில் இருந்திருந்தால் 4.6 காட்டியிருக்கும். ஆக வழியில் எடுக்கப்படவில்லை, எங்கள் குடோனிலும் தொலையவில்லை, பார்சல் கட்டும்போதே ஜார் உள்ளே இல்லை. டேப்பும் வெட்டி ஒட்டின மாதிரி இல்லை. நாங்கள் பார்சலைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுக்கிறோம், முதலில் சீட்டில் உள்ள எண், பிறகு ஆறு பக்கமும், பிறகு வெட்டுவது, ஒரே ஓட்டமாக, நடுவில் நிறுத்தாமல்.

பெட்டி விஷயத்தில் எடை எதுவும் சொல்லாது. பெட்டி வேண்டாம், பொருளை மட்டும் கொடுங்கள் என்று எடுக்க வந்த கூரியர் ஆளே சொல்லியிருக்கலாம், அது அடிக்கடி நடக்கிறது. வண்டியில் இடம் இல்லை என்று வண்ணப் பெட்டியை வாசலிலேயே விட்டுப் போனவர்களைப் பற்றி எங்களுக்குப் போன் வந்திருக்கிறது. அப்படி நடந்திருந்தால் வாடிக்கையாளரிடம் பெட்டிக்கு ஒரு பைசா பிடிக்கக் கூடாது, ஆளை அனுப்பியது நாம். அதனால் போன் செய்து கேட்டேன்.

எடுத்தது ஒரு அம்மா. நான் சொல்லி முடிக்கும் முன்னே, ‘ஐயோ தம்பி, அந்தச் சின்ன ஜாரா, பிரிட்ஜுல இருக்கு பாருங்க, தேங்காய்ச் சட்னி அரைச்சு அப்படியே உள்ள வெச்சுட்டேன், மறந்தே போச்சு’ என்றார். பெட்டியைக் கேட்டேன். வாங்கின மறுநாளே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார், ஒளிக்கவில்லை. ஏழு நாளுக்குள் திருப்புவதாக இருந்தால் பெட்டி வேண்டும் என்று இணையதளத்தில் இருக்கிறதே அம்மா என்றேன். ‘அதை எங்க தம்பி படிச்சோம், பையன்தான் போன்ல ஆர்டர் போட்டான்’ என்றார். அவர் சொன்னது எனக்கு வலித்தது, ஏனென்றால் உண்மைதான், அந்த வரி எங்கள் பக்கத்தின் அடியில், ஏழெட்டு வரிக்கு நடுவில் இருந்தது.

அவருக்கு இரண்டு வழி சொன்னேன். ஜாரைக் கழுவி ஏழு நாளுக்குள் அனுப்பினால் ஜாருக்குப் பிடித்தம் இல்லை, அனுப்பும் செலவு அவருடையது, தபாலில் நூறு ரூபாய்க்குள் வரும். இல்லையென்றால் 420 கழியும். அதுவரை முழுப் பணத்தையும் நிறுத்தி வைக்காமல், தகராறு இல்லாத 3,770-ஐ அன்றைக்கே அனுப்பிவிட்டேன். மீதி நிற்பது ஜாரும் பெட்டியும் சேர்ந்த 720 மட்டும். இந்தப் பழக்கத்தை மட்டும் எல்லாக் கடையும் பின்பற்றினால் நன்றாக இருக்கும். 720 ரூபாய் தகராறுக்காக 4,490-ஐ மூன்று வாரம் பிடித்து வைப்பதுதான் மனிதரைக் கோபப்படுத்துகிறது, புகார் வரை கொண்டுபோகிறது.

வாங்கிய பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. பிடித்தம் என்று ஒரே தொகையாகச் சொன்னால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள், அந்த நிபந்தனை வாங்கும்போது எங்கே எழுதியிருந்தது என்றும் கேளுங்கள். காணாமல் போனதை அனுப்பிவைக்க அவகாசம் உண்டா என்று கேளுங்கள். இதற்குப் பதிலே வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம், தமிழிலும் பேசலாம். பார்சலைக் கட்டும் முன் உள்ளே வைத்ததை எல்லாம் தரையில் பரப்பி ஒரு போட்டோ, கூரியர் ஆள் கொடுத்த சீட்டில் எடை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, இந்த இரண்டும் இருந்தால் பாதிக் கடைகள் பேச்சை அத்தோடு விட்டுவிடும்.

ஜார் ஐந்தாம் நாள் வந்தது, ஒரு பழைய ஹார்லிக்ஸ் அட்டையில், நன்றாகக் கழுவி, மூடிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து. மூடி ரப்பரில் மட்டும் தேங்காய் வாசம் போகவில்லை, 30 ரூபாய்க்குப் புது வாஷர் போட்டோம், அதை அவரிடம் பிடிக்கவில்லை, அரைத்துப் பார்ப்பதற்குத்தானே கொடுத்தோம். 420-ஐ அன்றே அனுப்பினேன். பெட்டிக்கான 300-ஐப் பற்றி அண்ணனும் நானும் இரண்டு நாள் பேசினோம். நிபந்தனை எழுதியிருந்தது, அதனால் பிடிக்கலாம் என்றார் அவர். படிக்கிற இடத்தில் எழுதவில்லை என்றேன் நான். கடைசியில் 150 பிடித்து, எதற்கு என்று எழுதி அனுப்பினோம்: ‘வண்ணப் பெட்டி இல்லாததால் மறுவிற்பனையில் எங்களுக்கு 300 ரூபாய் குறைகிறது. பெட்டி அவசியம் என்பதை நாங்கள் தெளிவாகச் சொல்லாததால் பாதியை நாங்கள் ஏற்கிறோம்.’ அவர் சரி என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டார்.

அந்த மிக்ஸி கடையிலேயே 3,780-க்குப் போனது, நோட்டில் எழுதியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு பெட்டியின் மேல் மடிப்பிலும், திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்: ‘ஏழு நாள் வரை இந்தப் பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள். இல்லாமல் திருப்பினால் 300 ரூபாய் வரை கழியும்.’ ஸ்டிக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு.